ஒரு பென்னி தபால்தலை 78 வருஷம் விலை ஏறாதது எப்படி? பொன் திட்டம் பற்றி ஒரு சந்தேகம்

செந்தூரன்

பழைய தபால்தலை சேர்க்கிற ஆள் நான். ஆல்பத்தைப் புரட்டும்போது வந்த சந்தேகம் இது. பிரிட்டனில் 1840-ல் கடிதத்துக்கு ஒரு பென்னி என்று வைத்தார்கள். அது ஒன்றரைப் பென்னி ஆனது 1918-ல்தான். லண்டன் டைம்ஸ் பத்திரிகை 1861-லிருந்து மூன்று பென்ஸ். 1913-ல் அதை மாற்றியபோதும் குறைத்தார்களே தவிர ஏற்றவில்லை. எங்கள் தெருமுனையில் டீ இரண்டு வருஷம் ஒரே விலைக்குக் கிடைத்தாலே அதிசயம்.

யாரைக் கேட்டாலும் "அப்போ பொன் திட்டம் இருந்துச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பணத்தின் மதிப்பைத் தங்கத்தின் எடையோடு கட்டிவைத்த ஏற்பாடாம் அது. வங்கியின் நிலவறையில் தங்கம் கிடந்தால் தபால்தலை விலை ஏன் நிற்க வேண்டும்? இடையில் என்ன நடக்கிறது என்று யாராவது பொறுமையாகச் சொல்லுங்களேன்.

வைகை முத்து

ரொம்ப சிம்பிள் பாஸ். கையில தங்கம் எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான் நோட்டு அடிக்க முடியும். அரசாங்கம் இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாது. பணம் பெருகலைன்னா விலை எப்படி ஏறும்? 1914 வரைக்கும் விலைவாசின்னு ஒரு பிரச்னையே உலகத்துல கிடையாது. எங்க பாட்டி பவுன் 13 ரூபாய்க்கு வாங்கினதைச் சொல்லிச் சொல்லி மாயும். அந்தத் திட்டத்தை ஒழிச்சதுதான் எல்லாக் கேட்டுக்கும் ஆரம்பம்.

ராமநாதன்_திருச்சி

வணக்கம். மகளுக்கு தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறோம். தங்கம் விலை ஏறாமல் நிற்கும் திட்டம் என்று போட்டிருக்கிறீர்கள். இது எந்த வங்கியில்? இப்போதே வாங்கிவிடலாமா, பொறுத்திருக்கலாமா?

செந்தூரன்

சார், இது நூறு வருஷத்துக்கு முந்தின கதை. கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும்.

பழைய காசாளர்

முப்பது வருஷம் வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நீளும்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள் தம்பி. தங்கத்தின் விலை நிலையாக இருந்தது வேறு, சாமான்களின் விலை நிலையாக இருந்தது வேறு. முன்னது நிஜம். பின்னது பாதிதான் நிஜம்.

பிரிட்டனில் 22 காரட் தங்கம் ஒரு அவுன்ஸ் 3 பவுண்டு 17 ஷில்லிங் 10½ பென்ஸ். நியூட்டன் நாணயச்சாலைத் தலைவராக இருந்த 1717-ல் உருவான கணக்கு இது. இதைச் சந்தை விலை என்று நினைத்தால் குழப்பம்தான் வரும். அவ்வளவு தங்கத்தை உருக்கி அடித்தால் அத்தனை பவுண்டு நாணயம் வரும், அவ்வளவுதான். ஒரு கஜத்துக்கு எத்தனை அடி என்பது மாதிரி. கஜத்தின் விலை ஏறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே.

ஆனால் சொன்னால் மட்டும் போதாது, அதைக் காப்பாற்ற வேண்டும். இங்கிலாந்து வங்கி 1844 சட்டப்படி யார் தங்கக் கட்டி கொண்டுவந்தாலும் அவுன்ஸ் 3 பவுண்டு 17 ஷில்லிங் 9 பென்ஸ் கொடுத்து வாங்கியாக வேண்டும். யார் நோட்டை நீட்டினாலும் தங்க நாணயம் தர வேண்டும். இரண்டுக்கும் நடுவே வெறும் ஒன்றரைப் பென்ஸ் வித்தியாசம். தங்கத்தை உருக்கவும், நாட்டைவிட்டுக் கொண்டுபோகவும், உள்ளே கொண்டுவரவும் தடை கிடையாது. இந்தக் கதவுகள் எல்லாம் திறந்தே இருந்ததால் வெளிச்சந்தையில் வேறு விலை நிற்கவே முடியாது.

முத்து தம்பி, "தங்கம் உள்ள அளவுக்குத்தான் பணம்" என்றீர்கள். நோட்டைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய சரி. ஆனால் அன்றைய வியாபாரம் நடந்தது காசோலையிலும், இன்ன தேதியில் இவ்வளவு பணம் தர வேண்டும் என்று எழுதிய தாளான மாற்று உண்டியலிலும். முதல் உலகப் போருக்கு முன்பு பிரிட்டன் வங்கிகளில் இருந்த வைப்புத்தொகை நூறு கோடி பவுண்டை ஒட்டி. இங்கிலாந்து வங்கியிடம் இருந்த தங்கமோ பல வருஷங்களில் மூன்று நான்கு கோடி பவுண்டுதான். எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆகவே தங்கத்தைக் குவித்து வைத்துக் காப்பாற்றிய திட்டம் அல்ல இது. தங்கம் வெளியே நகரத் தொடங்கும்போதே கவனித்துத் திருப்பிய திட்டம்.

செந்தூரன்

ஐயா, அந்த "நகர்வது" எப்படி? யார் மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள்?

பழைய காசாளர்

ஒரு கணக்கு போடுவோம். பவுண்டு நாணயத்தில் இருந்த சுத்தத் தங்கம் 113 கிரெயின். டாலரில் 23.22 கிரெயின். வகுத்தால் ஒரு பவுண்டு 4.8666 டாலர். இது யாரும் பேரம் பேசி வைத்த விகிதம் இல்லை, எடையிலிருந்து தானாக வந்தது.

நியூயார்க் வியாபாரி ஒருவர் லண்டனுக்கு 10,000 பவுண்டு தர வேண்டும். சாதாரணமாக லண்டன் மீது எழுதிய உண்டியல் ஒன்றைச் சந்தையில் வாங்கித் தபாலில் அனுப்பிவிடுவார். எல்லோரும் ஒரே சமயத்தில் உண்டியல் தேடினால் அதன் விலை ஏறும். பவுண்டு 4.90 டாலர் என்றால் அவருக்கு 49,000 டாலர் செலவு. அதற்குப் பதில் 48,666 டாலருக்குத் தங்கமாகவே எடுத்துப் பீப்பாயில் அடைத்துக் கப்பலில் ஏற்றினால்? கப்பல் கூலி, காப்பீடு, கடலில் கிடக்கும் நாட்களுக்கு வட்டி எல்லாம் சேர்த்து நூற்றுக்கு அரை என்று வையுங்கள், 240 டாலர் சொச்சம். மொத்தம் 48,910-க்குள் முடிந்துவிடும். உண்டியல் எதற்கு? அதனால் விகிதம் 4.89-ஐ நெருங்கும்போதே தங்கம் லண்டனுக்குக் கப்பலேறும். மறுபக்கம் 4.84 வாக்கில் இறங்கினால் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு. இந்த இரண்டு வேலிக்கு நடுவில்தான் மாற்று விகிதம் மேய முடியும். 1879-லிருந்து 1914 வரை பெரும்பாலும் அப்படியே நின்றது.

இதில் அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்து பத்து டாலர் லாபத்துக்கு அலைகிற தரகர்கள்தான் வேலியைக் காத்தார்கள்.

அகிலா

நல்ல விளக்கம் சார். ஆனால் பாடப்புத்தகத்தில் அடுத்த படி ஒன்று வரும்: தங்கம் வெளியேறிய நாட்டில் பணம் குறையும், அதனால் விலை இறங்கும், ஏற்றுமதி கூடும், தங்கம் தானாகத் திரும்பும் என்று. டேவிட் ஹியூம் 1752-லேயே சொன்னது. நடைமுறையில் அப்படி நடந்ததா? 1959-ல் பொருளியலாளர் ஆர்தர் ப்ளூம்ஃபீல்ட் கணக்குகளைப் பார்த்தபோது, தங்கம் வெளியேறும்போது உள்நாட்டுக் கடனையும் சுருக்க வேண்டிய மத்திய வங்கிகள் பாதிக்கு மேற்பட்ட வருஷங்களில் எதிர்த்திசையில் போயிருந்தன. யாரும் விதிப்படி ஆடவில்லை. அப்படியும் ஆட்டம் நடந்தது. அதுதான் எனக்கு விளங்காத இடம்.

பழைய காசாளர்

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அம்மா. விலை இறங்கி, ஏற்றுமதி கூடி, தங்கம் திரும்பும்வரை காத்திருக்க யாருக்கும் அவகாசம் இல்லை. வட்டிதான் முதலில் வேலை செய்தது. 1907-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் அக்டோபர் 22-ம் தேதி நியூயார்க்கில் நிக்கர்பாக்கர் டிரஸ்ட் என்ற நிதி நிறுவனம் கதவை மூடியது. ஊரே பணத்தை எடுக்க ஓடியது. அமெரிக்காவில் அப்போது மத்திய வங்கி கிடையாது. ரொக்கத்துக்குத் தட்டுப்பாடு வந்து, காசோலையைக் கொடுத்து நோட்டு வாங்க நூற்றுக்கு இரண்டு மூன்று கூடுதலாக அழ வேண்டிய நிலை. தங்கம் எங்கே கிடைக்கும்? கேட்டவுடன் கொடுக்கும் ஒரே இடம் லண்டன். கப்பல் கப்பலாக எடுத்தார்கள். புதிதாக ஓடத் தொடங்கியிருந்த லூசிட்டானியாவும் தங்கம் சுமந்தது.

இங்கிலாந்து வங்கி என்ன செய்தது? கதவை மூடவில்லை, வட்டியை ஏற்றியது. நாலரையாக இருந்த வங்கி விகிதம் அக்டோபர் 31-ல் ஐந்தரை, நவம்பர் 4-ல் ஆறு, நவம்பர் 7-ல் ஏழு. 1873-க்குப் பிறகு அந்த உயரத்தை யாரும் பார்த்ததில்லை. பாரிஸிலும் பெர்லினிலும் பணம் வைத்திருந்தவன் என்ன நினைப்பான்? பவுண்டின் தங்க எடை மாறப்போவதில்லை, மூன்று மாதத்துக்கு லண்டன் உண்டியலில் போட்டால் ஏழு சதவீதம். அனுப்பிவிடு. ஜெர்மனியிலிருந்து தங்கம் வந்தது. பிரான்ஸ் வங்கி தன் கையிருப்பில் கிடந்த அமெரிக்க ஈகிள் நாணயங்களையே லண்டனுக்கு அனுப்பியது. ஒரு கையில் வாங்கி மறு கையில் நியூயார்க்குக்குக் கொடுத்தார்கள். ஜனவரி கடைசியில் விகிதம் நாலுக்குத் திரும்பியாயிற்று. மூன்றே மாதம்.

சாமான் விலை இறங்கித்தான் தங்கம் திரும்பியது என்று இந்த மூன்று மாதத்தை வைத்துச் சொல்லவே முடியாது. பணக்காரர்களின் பணம் இடம் மாறியது. இடம் மாறக் காரணம், பவுண்டு பழைய எடையிலேயே இருக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு அடித்தளமும் இருந்தது. நெப்போலியன் காலத்தில் 1797-ல் தங்கம் தருவதை நிறுத்தியவர்கள், 24 வருஷம் கழித்து 1821-ல் திரும்பியபோது அதே 3-17-10½-க்குத்தான் வந்தார்கள். கடன் கொடுத்தவனை ஏமாற்றவில்லை. அதற்காக உள்ளூரில் எத்தனை பேர் பட்டினி கிடந்தார்கள் என்பது தனிக் கதை.

அகிலா

லண்டன் என்பதால் அது பலித்தது. அர்ஜென்டினா வட்டியை ஏற்றியிருந்தால் தங்கமா வந்திருக்கும்? "ஓஹோ, ஏதோ சிக்கல்" என்று இருப்பதும் ஓடியிருக்கும். கோதுமையும் கம்பளியும் விலை இறங்கும் அதே நேரத்தில் வெளிநாட்டுக் கடனும் நின்றுபோகும், இரண்டு அடியும் ஒன்றாக விழும். 1885-ல் தங்கம் தருவதை நிறுத்தினார்கள், 1890-ல் அவர்களுக்குக் கடன் கொடுத்த பேரிங் வங்கியே லண்டனில் கவிழப் பார்த்தது. அப்போது இங்கிலாந்து வங்கியே பிரான்ஸிடம் 30 லட்சம் பவுண்டு தங்கம் கைமாற்று வாங்கித்தான் சமாளித்தது. பெரியவர்கள் ஒருவருக்கொருவர் தாங்கிக்கொண்டார்கள். ஓரத்து நாடுகளைத் தாங்க ஆளில்லை. இதைத் "தானாக இயங்கிய திட்டம்" என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வைகை முத்து

சரி, வட்டி கிட்டி எல்லாம் இருக்கட்டும். விலைவாசி ஏறலைங்கிற பாயின்ட் அப்படியே தானே நிக்குது? அதுக்கு யாரும் பதில் சொல்லலையே.

பழைய காசாளர்

நிற்கவில்லை தம்பி. சாவர்பெக் என்ற கம்பளி வியாபாரி அந்தக் காலத்திலேயே லண்டன் மொத்த விலைகளைத் திரட்டி ஒரு குறியீடு போட்டார். 1867 முதல் 1877 வரையான சராசரியை 100 என்று வைத்தால், 1873-ல் 111. 1896-ல் 61. 1913-ல் 85. இருபத்து மூன்று வருஷம் இறங்கி, பிறகு பதினேழு வருஷம் ஏறியிருக்கிறது. இதில் எங்கே நிலை?

இறங்கினால் நல்லதுதானே என்பீர்கள். அமெரிக்காவில் கோதுமை விவசாயி 1881-ல் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினான் என்று வையுங்கள். அன்று ஒரு புஷல் ஒரு டாலருக்கு மேல். 1894-ல் அரை டாலர். கடன் டாலர் கணக்கில் அப்படியே நிற்கிறது. அதை அடைக்க இரண்டு மடங்குக்கு மேல் கோதுமை அளக்க வேண்டும். 1896-ல் பிரையன் என்பவர் "மனிதகுலத்தைப் பொன் சிலுவையில் அறையாதீர்கள்" என்று முழங்கி அதிபர் தேர்தலில் நின்றது இந்த ஆத்திரத்தில்தான். தோற்றும் போனார்.

செந்தூரன், உங்கள் தபால்தலைக்கு வருகிறேன். 1840-ல் ஒரு பென்னிக்கு அரை அவுன்ஸ் கடிதம்தான் போகும். 1871-ல் ஒரு அவுன்ஸ் ஆக்கினார்கள். 1897-ல் நாலு அவுன்ஸ். தபால்தலையில் அச்சிட்ட எண் மாறவில்லை, அதற்குக் கிடைத்த சேவை எட்டு மடங்கு ஆனது. ரயில் வந்தது, கடிதங்கள் பெருகின, செலவு இறங்கியது. அதைப் பொன் திட்டத்தின் கணக்கில் எழுதக் கூடாது. பொன் திட்டம் செய்தது வேறு. விலைகள் பத்து இருபது வருஷம் இறங்கும், பிறகு ஏறும், ஆனால் நிற்காமல் ஒரே திசையில் ஓடாது. அதனால் தபால்துறையோ பத்திரிகை முதலாளியோ வருஷா வருஷம் விலையை மாற்றியே ஆகவேண்டிய நெருக்கடி இல்லை. இன்று மாற்றினால் நாளை திருப்பி மாற்ற வேண்டியிருக்கலாம். பழகிய எண் அப்படியே இருந்துவிட்டது.

செந்தூரன்

அட, எடை வரம்பு மாறியதை நான் கவனிக்கவே இல்லை. ஆல்பம் வைத்திருப்பவனுக்கு இது வெட்கம்.

ஆனால் "ஒரே திசையில் ஓடாது" என்கிறீர்களே, அது ஏன்? 1896-ல் இறக்கம் நின்று ஏன் திரும்பியது?

கோலார் பேத்தி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். என் கொள்ளுத்தாத்தா வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை. எங்கள் வீட்டில் தங்கவயல் கதை பேசாத நாள் இல்லை.

சுரங்கக்காரனுக்குத் தங்கத்தின் விலை மாறாது, மேலே சொன்ன அதே விலைதான். வெடிமருந்து, மரம், நிலக்கரி, கூலி இவைதான் மாறும். ஊரில் எல்லா விலையும் இறங்கினால் சுரங்கத்துக்குச் செலவு இறங்கும், வருமானம் அப்படியே இருக்கும். நேற்று வரை கட்டுபடியாகாத பாறை இன்று கட்டுபடியாகும். அந்த 1880-களில்தான் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் இறங்கியது, 1886-ல் தென்னாப்பிரிக்காவில் விட்வாட்டர்ஸ்ரான்ட் கண்டுபிடிக்கப்பட்டது. எல்லோரும் தங்கத்தைத் தேடி அலைந்த காலம். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்குக் கரண்டு கொண்டுவந்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். விலையை ஏற்ற முடியாதவன் செலவைத்தான் குறைக்க வேண்டும். அது எங்கள் ஆட்களின் கூலியிலும் விழுந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை.

பழைய காசாளர்

அருமையாகச் சொன்னீர்கள் அம்மா. இதோடு சயனைடு முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விட்வாட்டர்ஸ்ரான்டில் ஆழத்துக்குப் போகப் போகத் தாதுவில் கந்தகம் கலந்து, பாதரசத்தில் தங்கம் ஒட்டாமல் வீணாகப் போனது. 1887-ல் கிளாஸ்கோவில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் சயனைடு கரைசலில் கரைத்துப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அது ரான்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் குப்பையென்று ஒதுக்கிய கழிவு மணலிலிருந்தே தங்கம் வந்தது. 1896-ல் கனடாவின் கிளான்டைக்கில் கிடைத்த தங்கம் வேறு. தங்கம் பெருகியது, சாமான் விலை ஏறத் தொடங்கியது, சுரங்கச் செலவும் கூடவே ஏறியது. நீண்ட காலத்தில் விலையை இழுத்துப் பிடித்த கயிறு இதுதான்.

அகிலா

கயிறு என்றால் இருபத்து மூன்று வருஷம் நீளமான கயிறு! சயனைடு முறை விலை இறங்கியதால் வந்ததா, வேதியியல் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்ததால் வந்ததா? ரான்டில் தங்கம் இல்லாமல் போயிருந்தால்? 1896-க்குப் பிறகும் இறங்கிக்கொண்டே போயிருக்கலாம். அதிர்ஷ்டத்தைத் திட்டத்தின் குணமாகச் சொல்கிறோமோ என்று சந்தேகம்.

பழைய காசாளர்

சந்தேகம் நியாயம். தேடல் கூடியதற்கு விலை காரணம் என்பேன். கிடைத்தது அதிர்ஷ்டம்தான். 1848 கலிபோர்னியாவைத் தங்கத்தின் விலை பார்த்துத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை, மர அறுவை ஆலைக்கு வாய்க்கால் வெட்டியபோது கண்ணில் பட்டது.

வைகை முத்து

ஓகே, தோத்துட்டேன்னு வெச்சுக்கலாம். ஆனா பாட்டி சொன்ன 13 ரூபாய் பொய்யில்லையே? மாமா 15 ரூபாய்ங்கிறார். எது சரி?

பழைய காசாளர்

இரண்டும் சரியாக இருக்கலாம். நம் ஊர் "பவுன்", "சவரன்" என்ற சொற்களே அந்த பிரிட்டிஷ் பவுண்டு நாணயமான சாவரின்தான். அதன் எடை 7.99 கிராம், நாம் 8 கிராம் என்று வைத்துக்கொண்டோம்.

இந்தியா வெள்ளி நாணயம் புழங்கிய நாடு. வெள்ளி விலை சரிந்ததில் இரண்டு ஷில்லிங்கை ஒட்டியிருந்த ரூபாய் ஒன்றே கால் ஷில்லிங்குக்கும் கீழே போயிற்று. 1893-ல் வெள்ளியை யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து ரூபாய் அடித்துக்கொள்ளும் வசதியை மூடினார்கள். பிறகு ரூபாயை ஒரு ஷில்லிங் நாலு பென்ஸில் நிறுத்தினார்கள். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ், ஒரு ரூபாய்க்கு 16 பென்ஸ்; வகுத்தால் பவுன் 15 ரூபாய். 1899 சட்டப்படி அது செல்லும் காசு. 1927-ல் ரூபாயை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் ஆக்கினார்கள். 240-ஐ 18-ஆல் வகுங்கள், 13 ரூபாய் 5 அணா 4 பை. உங்கள் மாமா முதல் கணக்கைச் சொல்கிறார், பாட்டி இரண்டாவதை. பாட்டி 1931 செப்டம்பருக்கு முன் வாங்கியிருக்க வேண்டும். அந்த மாதம்தான் லண்டன் பொன் திட்டத்தை விட்டது, அதன்பின் அந்த விலைக்குப் பவுன் கிடைக்கவில்லை.

வைகை முத்து

பாட்டிக்குக் கல்யாணம் ஆனது 1930. கையை வெட்டிக்கிட்டாலும் வருஷம் தப்பாது போல இருக்கே.

கோலார் பேத்தி

1931-க்குப் பிறகு தங்கம் விலை ஏறியதும் தங்கவயலில் மறுபடி சுறுசுறுப்பு வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். அதுவரை விலை மாறாததால் மூடிக் கிடந்த குழிகள் எத்தனை, அங்கே வேலை போனவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்காவது தெரியுமா? முக்கியமாக 1914-லிருந்து 1920 வரை, சாமான் விலை எல்லாம் எகிறியபோது.

ராமநாதன்_திருச்சி

எல்லாம் படித்தேன். 13 ரூபாயா! நான் பொறுக்காமல் வாங்கிவிடுகிறேன்.